தேய்மானம் பின்னால் வந்து சேர்ந்த கதை

பொருளாதாரப் பாடத்தில் அடிக்கடி வரும் ஒரு கணக்கு உண்டு. ஒரு நாடு வருமானத்தில் 24 விழுக்காட்டைச் சேமிக்கிறது. உழைப்பாளர் எண்ணிக்கை ஆண்டுக்கு 1 விழுக்காடு கூடுகிறது. இயந்திரங்களும் கட்டடங்களும் ஆண்டுக்கு 5 விழுக்காடு தேய்கின்றன. நீண்ட காலத்தில் உழைப்பாளி ஒருவருக்கான வருமானம் எங்கே போய் நிற்கும்? மக்கள்தொகை வளர்ச்சி 1-இலிருந்து 3 விழுக்காடானால் அது எவ்வளவு குறையும்? சூத்திரம் தெரிந்தவர் நான்கு வரியில் விடை எழுதிவிடுவார். அந்தச் சூத்திரத்தில் மக்கள்தொகை வளர்ச்சியும் தேய்மானமும் எப்போதும் `n + δ` என்று ஒட்டியே நிற்கும். ஒன்று 2 கூடினாலும் மற்றது 2 கூடினாலும் ஒரே விடைதான் வரும்.

ஆனால் இவை இரண்டும் ஒன்றாகப் பிறக்கவில்லை. 1956-இல் இந்தச் சமன்பாடு முதன்முதலாக அச்சேறியபோது அதில் மக்கள்தொகை மட்டும்தான் இருந்தது. தேய்மானம் பிறகுதான் வந்தது. அது வந்ததும் மக்கள்தொகைக் கேள்விக்கான விடையே மாறிப்போனது. அந்த மாற்றத்தின் அளவு இன்றும் பலருக்குத் தெரிவதில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

கதை 1939-இல் தொடங்குகிறது. ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த ராய் ஹாரட் அந்த ஆண்டு ஒரு கட்டுரை வெளியிட்டார். ஏழு ஆண்டுகள் கழித்து, 1946-இல், எவ்சி டோமர் அமெரிக்காவில் தனியாக அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார். இருவரின் கருத்தையும் ஒரு சிறிய நாட்டை வைத்துப் பார்ப்போம். அங்கே உழைப்பாளி ஒருவரின் கையில் 8 லட்சம் ரூபாய் மூலதனம் இருக்கிறது. தேய்மானம் போக, ஆண்டுக்கு அவர் உண்டாக்கும் வருமானம் 1,60,000 ரூபாய். அதில் 5 விழுக்காடு, அதாவது 8,000 ரூபாய், சேமித்து மூலதனத்தில் சேர்க்கப்படுகிறது. 8 லட்சத்தின்மேல் 8,000 என்றால் மூலதனம் ஆண்டுக்கு 1 விழுக்காடு வளர்கிறது. உழைப்பாளர் எண்ணிக்கையும் 1 விழுக்காடு வளர்ந்தால், புதிதாக வேலைக்கு வரும் ஒவ்வொருவருக்கும் அதே 8 லட்சம் மூலதனம் கிடைக்கும். எவர் நிலையும் தாழாது, எவர் நிலையும் உயராது.

மக்கள்தொகை வளர்ச்சி 3 விழுக்காடானால்? ஹாரட், டோமர் இருவரின் கணக்கிலும் மூலதனத்துக்கும் வருமானத்துக்கும் உள்ள விகிதம் அசையாதது. இங்கே அது 5 மடங்கு. ஒரு வேலைக்கு 8 லட்சம் தேவை என்றால் தேவைதான். 5 லட்சத்தை வைத்துக்கொண்டு ஒப்பேற்ற முடியாது. இன்று 100 பேருக்கு 100 வேலை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 10 ஆண்டுகளில் உழைப்பாளர் 134 ஆவார்கள், வேலைகள் 110 ஆகும். 24 பேர் வெளியே நிற்பார்கள். அடுத்த பத்தாண்டில் இன்னும் அதிகமானோர் நிற்பார்கள். மக்கள்தொகை வளர்ச்சி 1-க்குக் கீழே போனாலோ, ஆள் இல்லாத இயந்திரங்கள் குவியும். சேமிப்பு, மூலதன விகிதம், மக்கள்தொகை வளர்ச்சி மூன்றும் தற்செயலாகப் பொருந்தினால் மட்டுமே நாடு நேராக நடக்கும். கத்தி முனை நடை என்று இதற்குப் பெயர் வந்தது.

ராபர்ட் சோலோவுக்கு இது ஒப்பவில்லை. புரூக்ளினில் 1924-இல் பிறந்தவர். இரண்டாம் உலகப்போரில் படையில் இருந்துவிட்டு ஹார்வர்டில் படித்து, மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஆசிரியராகச் சேர்ந்தவர். முதலாளிய நாடுகளின் வரலாற்றில் ஏற்றமும் இறக்கமும் உண்டு. ஆனால் இயந்திரக் குவியலும் வேலையில்லாப் பெருங்கூட்டமும் முடிவின்றிப் பெருகிக்கொண்டே போனதாக எங்கும் காணோமே என்பது அவருடைய ஐயம். கோளாறு எங்கே என்று தேடியவர், அசையாமல் நிற்கும் அந்த விகிதத்தில் கை வைத்தார். ஆட்கள் அதிகமாகவும் மூலதனம் குறைவாகவும் இருந்தால், ஒவ்வொருவரும் குறைந்த மூலதனத்தோடு வேலை செய்வார்கள். விளைச்சல் குறையும், ஆனால் வேலை இருக்கும். 1956 பிப்ரவரியில் இதை எழுதி வெளியிட்டார். அதே ஆண்டு நவம்பரில், ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தின் டிரெவர் ஸ்வான், சோலோவைச் சாராமல் தாமே கண்ட அதே கருத்தை வேறொரு வரைபடத்தோடு வெளியிட்டார். சோலோவுக்கு 1987-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஸ்வானின் பெயர் பாடநூல் தலைப்புகளில் அடிக்கடி விடுபட்டுப்போகிறது, அது நியாயமில்லை.

சோலோவின் சமன்பாடு சொல்வது எளிது. ஆண்டுதோறும் சேமிப்பு மூலதனத்தைக் கூட்டுகிறது. ஆண்டுதோறும் புதியவர்கள் வந்து அதைப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். தலைக்கு உள்ள மூலதனத்தை அப்படியே வைத்திருக்க வேண்டுமானால், புதியவர் ஒவ்வொருவருக்கும் பழையவரிடம் இருக்கும் அளவு மூலதனம் தந்தாக வேண்டும். சேமிப்பு அதற்குப் போதவில்லை என்றால் தலைக்கு உள்ள மூலதனம் குறையும். குறையக் குறைய, தர வேண்டிய தொகையும் குறையும். ஓரிடத்தில் சேமிப்பும் தேவையும் சரியாகச் சந்திக்கும். அதுதான் நிலைத்த நிலை. அங்கே மூலதனம் வருமானத்தைப் போல எத்தனை மடங்கு இருக்கும் என்றால், சேமிப்பு விகிதத்தை மக்கள்தொகை வளர்ச்சியால் வகுத்த அளவு. நம் நாட்டில் 5-ஐ 1-ஆல் வகுக்க 5 மடங்கு. ஹாரட் கையில் கல்லாக இருந்த விகிதம் சோலோ கையில் தானே நகர்ந்து பொருந்துகிறது.

மக்கள்தொகை வளர்ச்சியை 3 ஆக்கிப் பார்ப்போம். விகிதம் 5-ஐ 3-ஆல் வகுத்த அளவு, அதாவது 1.67 ஆகிறது. இனி வருமானம் எவ்வளவு என்று அறிய, மூலதனம் குறைந்தால் விளைச்சல் எவ்வளவு குறையும் என்பது தெரிய வேண்டும். சார்லஸ் காபும் பால் டக்ளஸும் 1928-இல் தந்த வடிவமே இன்றும் வழக்கம். வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு மூலதனத்துக்குப் போகிறது என்று எடுத்தால், தலைக்கு விளைச்சல் என்பது தலைக்கு மூலதனத்தின் கனமூலத்தைப் பின்பற்றும். அதிலிருந்து ஒரு நல்ல வசதி கிடைக்கிறது: நிலைத்த நிலை வருமானம் அந்த மூலதன விகிதத்தின் வர்க்கமூலத்தைப் பின்பற்றும். விகிதம் மூன்றில் ஒன்றாகச் சுருங்கினால், வருமானம் மூன்றின் வர்க்கமூலத்தால் வகுபடும். 1,60,000 ரூபாய் சுமார் 92,400 ஆகிவிடுகிறது. 42 விழுக்காடு வீழ்ச்சி!

மக்கள்தொகை வளர்ச்சி இரண்டு புள்ளி கூடியதற்கு இவ்வளவு பெரிய தண்டனையா? இந்த இடத்தில்தான் தேய்மானம் கதைக்குள் வருகிறது.

சோலோ தேய்மானத்தை மறந்துவிடவில்லை. உற்பத்தி என்று தாம் சொல்வது தேய்ந்ததைச் சரிக்கட்டிய பிறகு மிஞ்சும் நிகர உற்பத்தியே என்று கட்டுரையின் தொடக்கத்திலேயே குறிப்பிட்டுவிட்டார். அவர் கேட்ட கேள்விக்கு அது போதும். கத்தி முனை தேவையில்லை என்று காட்ட விகிதம் நகரும் என்பதே போதுமானது. எவ்வளவு நகரும் என்பது அன்று முதன்மையாக இல்லை. 1960-களில், ஒரு நாடு எவ்வளவு சேமிப்பது உத்தமம் என்ற கேள்வியைப் பலர் எடுத்துக்கொண்டபோது, தேய்மானம் தனிக்குறியோடு சமன்பாட்டுக்குள் வந்தது. டேவிட் காஸ் 1965-இல் எழுதிய கட்டுரையில் மக்கள்தொகை வளர்ச்சியும் தேய்மானமும் கூட்டி ஒரே எண்ணாக நிற்பதைக் காணலாம். இன்றைய பாடநூல் வடிவம் இதுதான்:

```
s·y = (n + δ)·k
y = k^(1/3)
y* = ( s / (n + δ) )^(1/2)
```

இங்கே `y` மொத்த வருமானம், தேய்மானம் கழிக்காதது. `s` மொத்தச் சேமிப்பு விகிதம்.

நம் நாட்டை இந்தக் கண்ணாடி வழியாக மறுபடி பார்ப்போம். நாடு அதேதான், மறைந்திருந்த ஒரு பகுதி இப்போது தெரிகிறது. தலைக்கு மூலதனம் 8 லட்சம். லட்சத்தில் எண்ணினால் அதன் கனமூலம் 2. ஆகவே மொத்த வருமானம் 2 லட்சம். அதில் 24 விழுக்காடு சேமிப்பு, 48,000 ரூபாய். 8 லட்சத்தில் 5 விழுக்காடு தேய்கிறது. அதை ஈடுகட்ட 40,000 போகிறது. மிச்சம் 8,000 புதியவர்களுக்கு. நிகர வருமானம் 2 லட்சத்தில் 40,000 போக 1,60,000. நிகரச் சேமிப்பு 8,000, அதாவது 5 விழுக்காடு. முன்பு பார்த்த எண்கள் எல்லாம் ஒன்றுகூடத் தவறாமல் வருகின்றன. ஆண்டுச் சேமிப்பில் ஆறில் ஐந்து பங்கு பழையதைப் பழுதுபார்க்கவே போகிறது, ஒரு பங்குதான் புதியவர்களுக்கு என்பதுதான் இப்போது புதிதாகத் தெரிவது.

மக்கள்தொகை வளர்ச்சி 3 ஆகட்டும். முதல் ஆண்டில் என்ன நடக்கிறது என்று பார்த்தால் சமன்பாட்டின் இயக்கம் கண்ணுக்குத் தெரியும். தேய்மானத்துக்கு 40,000, புதியவர்களுக்கு 24,000, மொத்தம் 64,000 தேவை. சேமிப்போ 48,000. பற்றாக்குறை 16,000, தலைக்கு மூலதனம் 7,84,000-க்கு இறங்குகிறது. இரண்டாம் ஆண்டில் வருமானம் 1,98,700 அளவில் இருக்கும், சேமிப்பு 47,700 இருக்கும். ஆனால் தேவையும் இறங்கி 62,700 ஆகிறது. பற்றாக்குறை 15,000-ஆகச் சுருங்குகிறது. இப்படி ஒவ்வோர் ஆண்டும் இறக்கம் மெதுவாகிறது. மூலதன விகிதம் 4-இல் தொடங்கி 3-ஐ நோக்கிப் போகிறது. பாதி வழியான 3.5-ஐத் தொடவே சுமார் 13 ஆண்டுகள் ஆகும். முடிவில் 24-ஐ 8-ஆல் வகுத்த 3-இல் அது நிற்கிறது. 3-இன் வர்க்கமூலம் 1.732. மொத்த வருமானம் 1,73,200 ரூபாய், தலைக்கு மூலதனம் 5,19,600.

வீழ்ச்சி 13.4 விழுக்காடு. நிகர வருமானத்தில் பார்த்தால், 1,60,000-இலிருந்து 1,47,200-க்கு வருகிறது, 8 விழுக்காடுதான். முன்பு அதே நாட்டுக்கு அதே கேள்வியைக் கேட்டு 42 விழுக்காடு என்று விடை வாங்கினோம்.

வேறுபாடு எங்கிருந்து வந்தது? எதை மாறாமல் வைத்திருக்கிறோம் என்பதிலிருந்து. முதல் கணக்கில் நிகரச் சேமிப்பு 5 விழுக்காடு என்று கட்டிவைத்தோம். வகுக்கும் எண் 1-இலிருந்து 3 ஆனது, மும்மடங்கு. இரண்டாம் கணக்கில் மொத்தச் சேமிப்பு 24 விழுக்காடு என்று கட்டிவைத்தோம். வகுக்கும் எண் 6-இலிருந்து 8 ஆனது, மூன்றில் ஒரு பங்கு மட்டுமே கூடுதல். தேய்மானம் அடியில் ஒரு தளம்போல நின்று அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்கிறது. மூலதனம் இறங்கியபோது பழுதுபார்க்கும் செலவு 40,000-இலிருந்து 26,000-ஆகக் குறைகிறது. அப்படி மிச்சமானதில் ஒரு பகுதிதான் புதியவர்களைத் தாங்குகிறது. நிகரச் சேமிப்பு விகிதம் 5-லேயே நிற்கவில்லை, தானாக 10.6-க்கு உயர்ந்துவிட்டது. முதல் கணக்கு இந்த உயர்வை அனுமதிக்கவே இல்லை.

எது சரி? மக்கள்தொகை வளர்ச்சி சுழியத்தை நெருங்கும்போது கேட்டால் விடை தெளிவாகும். நிகரக் கணக்கில் 5-ஐ 0.5-ஆல் வகுத்தால் விகிதம் 10, 0.1-ஆல் வகுத்தால் 50, முடிவே இல்லை. 50 மடங்கு மூலதனத்தில் 5 விழுக்காடு தேய்கிறது என்றால், தேய்மானம் மட்டுமே நிகர வருமானத்தைப் போல இரண்டரை மடங்கு. மக்கள் மொத்த விளைச்சலில் முக்கால் பங்குக்கு அருகில் இயந்திரங்களைப் பழுதுபார்க்கவே எடுத்து வைத்தால்தான் இது நடக்கும். எந்த மனிதக் கூட்டமும் அப்படி நடந்துகொள்ளாது. மொத்தக் கணக்கில் மக்கள்தொகை வளர்ச்சி சுழியமானாலும் விகிதம் 24-ஐ 5-ஆல் வகுத்த 4.8-ஐத் தாண்டாது. தேய்மானம் ஒரு கூரையும் போட்டுவிடுகிறது.

இது பழங்கதை இல்லை. தாமா பிக்கெட்டி 2013-இல் பிரெஞ்சில் எழுதி உலகெங்கும் பேசப்பட்ட மூலதனம் பற்றிய நூலில், வளர்ச்சி குறையக் குறைய மூலதன விகிதம் பெருகும் என்ற வாதம் நிகரச் சேமிப்பை நிகர வளர்ச்சியால் வகுக்கும் அந்தப் பழைய வடிவத்தின் மேல்தான் நிற்கிறது. பெர் குருசெலும் ஆந்தனி ஸ்மித்தும் 2015-இல் அதை மறுத்து எழுதியபோது முன்வைத்த வாதம் நாம் மேலே பார்த்ததுதான். செல்வக் குவிப்பு பற்றிப் பிக்கெட்டி திரட்டிய தரவுகளின் மதிப்பு இதனால் குறையவில்லை. ஆனால் எதிர்காலம் பற்றிய அவருடைய அந்த ஒரு கணிப்பில் மறுப்பே வலுவானது என்பது என் முடிவு.

தேய்மானத்தின் கதையில் இன்னொரு பாதி உண்டு. மக்கள்தொகையை 1-லேயே விட்டு, தேய்மானத்தை 5-இலிருந்து 7 ஆக்குவோம். கடல் உப்பு அரிக்கும் ஊரில் இரும்பு விரைவில் போவதாகவோ, நான்கு ஆண்டில் காலாவதியாகும் கணினிகள் பழைய லேத்துகளின் இடத்தைப் பிடித்ததாகவோ வைத்துக்கொள்ளலாம். கூட்டுத்தொகை மறுபடி 8. மொத்த வருமானம் மறுபடி 1,73,200. மூலதனம், சேமிப்பு, நுகர்வு எல்லாம் முந்தைய கணக்கின் அச்சு அசல். தேர்வுத்தாளில் இதோடு மாணவர் நிறுத்திவிடுவார். ஆனால் 41,600 ரூபாய் சேமிப்பு எங்கே போகிறது என்று பாருங்கள். மக்கள்தொகை கூடிய நாட்டில் 26,000 பழுதுக்கும் 15,600 புதியவர்களுக்கும் போனது. தேய்மானம் கூடிய நாட்டில் 36,400 பழுதுக்குப் போய் 5,200 மட்டுமே புதியவர்களுக்கு மிஞ்சுகிறது. நிகர வருமானம் முதல் நாட்டில் 1,47,200, இரண்டாவதில் 1,36,800. ஒன்று 8 விழுக்காடு இறங்கியது, மற்றது 14.5 விழுக்காடு. அதோடு, முதல் நாட்டின் மொத்த உற்பத்தி ஆண்டுக்கு 3 விழுக்காடு பெருகுகிறது, இரண்டாம் நாட்டினுடையது 1 விழுக்காடு. மக்கள்தொகை மூலதனத்தைப் பங்கிடுகிறது. தேய்மானம் அதை அழிக்கிறது. தலைக்கு மொத்த வருமானம் என்ற ஒரே அளவுகோலில்தான் இரண்டும் இரட்டையர்.

இந்தக் கணக்கு எதைச் சொல்லாது என்பதையும் சொல்ல வேண்டும். இங்கே மக்கள்தொகை வளர்ச்சி நிலைத்த நிலையின் உயரத்தைத்தான் மாற்றுகிறது; நீண்ட காலத்தில் தலைக்கு வருமானம் வளரும் வேகத்தை மாற்றுவதில்லை. வேகம் தொழில்நுட்பத்திலிருந்து வருகிறது. இறங்கும் ஆண்டுகளில் வேகமும் குறைந்ததுபோலத் தெரியும், ஆனால் அது தற்காலிகம். அடுத்தது, 13.4 விழுக்காடு என்பது மூன்றில் ஒரு பங்கு என்ற அனுமானத்தின் குழந்தை. கிரெகரி மேன்கியூ, டேவிட் ரோமர், டேவிட் வைல் மூவரும் 1992-இல் 98 நாடுகளின் தரவை இந்தச் சமன்பாட்டோடு பொருத்திப் பார்த்தார்கள். தேய்மானமும் தொழில்நுட்ப வளர்ச்சியும் சேர்ந்து 5 விழுக்காடு என்று எடுத்து, அதனோடு உழைக்கும் வயதினரின் வளர்ச்சியைக் கூட்டினார்கள். நம் 6-உம் 8-உம் அவர்கள் கணக்கிலும் வரக்கூடிய எண்களே. தரவு காட்டிய பாதிப்பு, சூத்திரம் சொன்னதைவிடப் பெரிதாக இருந்தது. கல்வியையும் ஒரு மூலதனமாகச் சேர்த்து அதற்கும் மூன்றில் ஒரு பங்கு தந்தபோது பொருத்தம் கூடியது. புதிதாக வருபவருக்கு இயந்திரம் மட்டும் போதாது, படிப்பும் தர வேண்டும் அல்லவா? அந்த வடிவத்தில் வர்க்கமூலத்துக்குப் பதில் வர்க்கம் வந்துவிடுகிறது: 6 என்பது 8 ஆனால், வருமானம் முக்காலின் வர்க்கமாக, 56 விழுக்காடாக, இறங்கும். 2 லட்சம் 1,12,500 ஆகும்.

மூன்றாவது எல்லையைச் சோலோவே 1956-இல் தொட்டார். மக்கள்தொகை வளர்ச்சி வெளியிலிருந்து தரப்பட்ட எண் என்று எடுத்துக்கொண்ட அவர், அது வருமானத்தைப் பொறுத்தே மாறினால் என்ன ஆகும் என்று அதே கட்டுரையில் வரைந்து காட்டினார். அப்போது நிலைத்த நிலைகள் ஒன்றுக்கு மேற்பட்டு வரலாம்; எங்கே தொடங்குகிறோம் என்பதே எங்கே முடிப்போம் என்பதைத் தீர்மானிக்கலாம். பாடநூல்கள் பெரும்பாலும் தவிர்த்துவிடும் பகுதி அது.

இந்தக் கணக்கைப் போடும் மாணவர்களுக்கும் மக்கள்தொகை பற்றி எழுதுவோருக்கும் ஒரு வேண்டுகோள்: எண்களைச் சூத்திரத்தில் இடுமுன், தரப்பட்ட சேமிப்பு விகிதம் மொத்தமா நிகரமா என்று முதலில் பாருங்கள். வினாவில் தேய்மானம் தனியாகத் தரப்பட்டிருந்தால் அது மொத்தம். தராமல் மக்கள்தொகை வளர்ச்சியை மட்டும் வகுக்கச் சொன்னால் அது சோலோவின் பழைய நிகரக் கணக்கு; அதன் விடையில் காணும் வீழ்ச்சியை ஒரு நாட்டின் தலையெழுத்தாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.